எல்லாப் பங்குக்கும் ஒரே ஸ்டாப் லாஸா?

பங்குச் சந்தைக்குப் புதிதாக வருகிறவருக்கு முதல் வகுப்பிலேயே ஒரு பாடம் சொல்லித் தரப்படுகிறது. எந்தப் பங்கை வாங்கினாலும் வாங்கிய விலைக்கு இரண்டு சதவீதம் கீழே ஸ்டாப் லாஸ் போட்டுவிட வேண்டும். ஆர்.எஸ்.ஐ. என்றால் 14, பொலிஞ்சர் பேண்ட் என்றால் 20-ம் 2-ம். இவை காலங்காலமாகச் சோதித்துப் பார்த்த எண்கள், கை வைக்கக் கூடாது. அப்படிச் சொல்பவர்கள் கட்டுப்பாட்டைக் கற்பிப்பதாக உண்மையாகவே நம்புகிறார்கள்.

அந்தப் பாடம் தவறு. விலை எவ்வளவு ஆடும் என்பதைப் பங்குதான் தீர்மானிக்கிறது; வாங்கியவரின் விருப்பம் அல்ல. சோப்பும் பற்பசையும் விற்கும் பெரிய நிறுவனத்தின் பங்குக்கு இரண்டு சதவீத இறக்கம் என்பது கவனிக்க வேண்டிய நிகழ்வு. கடனில் ஓடும் ஒரு சிறிய உலோக நிறுவனத்தின் பங்குக்கு அது காலை பதினொரு மணிக்குள் வந்து போகிற சாதாரண அசைவு. இரண்டுக்கும் ஒரே தூரத்தில் ஸ்டாப் வைப்பவர் ஒன்றில் சரியாகவும் மற்றொன்றில் கண்ணை மூடிக்கொண்டும் வியாபாரம் செய்கிறார். “எஸ்.எல். அடிச்சிட்டு அப்புறம் மேல போயிடுச்சு” என்ற புலம்பல் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைப் பங்கில்தான் பிறக்கிறது. யாரோ பெரிய கை வேண்டுமென்றே தன் ஸ்டாப்பைத் தேடி வந்து அடித்ததாக வியாபாரி நினைக்கிறார். யாரும் தேடி வரவில்லை. பங்கு தினமும் நடமாடும் இடத்துக்குள்ளேயே அவர் ஸ்டாப்பை வைத்திருந்தார்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். அலெக்சாண்டர் எல்டர் போன்றவர்கள் பரப்பிய இரண்டு சதவீத விதி ஒன்று உண்டு. ஒரு வியாபாரம் தப்பானால் மொத்த முதலில் இரண்டு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதே அந்த விதி. அது முதலைப் பற்றியது. பங்கின் விலை எத்தனை சதவீதம் இறங்கலாம் என்று அது சொல்லவே இல்லை. கை மாறி வாய் மாறி வந்தபோது முதலின் இரண்டு சதவீதம் விலையின் இரண்டு சதவீதமாகிவிட்டது. நல்ல விதி ஒன்று இப்படித் தடம் புரண்டது.

பங்கு எவ்வளவு ஆடுகிறது என்பதை அளக்க எளிய வழி உண்டு. தினமும் முடிவு விலையை எடுத்து, இன்றைய விலையை நேற்றைய விலையால் வகுத்து, அதன் மடக்கையைக் கண்டால் அன்றைய லாக் ரிட்டர்ன் கிடைக்கும். இப்படி இருபது நாள் ரிட்டர்ன்களின் திட்ட விலக்கத்தைக் கண்டுபிடித்தால் அது ஒரு நாளைய ஆட்டத்தின் அளவு. அதை ஒரு வருடத்து வேலை நாட்களின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருடாந்திர வாலட்டிலிட்டி. எக்செல் தாளில் B நெடுவரிசையில் முடிவு விலைகள் இருந்தால் இரண்டே வரிகள் போதும். முதல் வரியை C3 முதல் C22 வரை இழுத்துக்கொள்ள வேண்டும்.

```
=LN(B3/B2)
=STDEV.S(C3:C22)*SQRT(252)
```

சாதாரண சதவீதம் போதாதா, மடக்கை எதற்கு என்று கேட்பவர்கள் 2024 ஜூன் முதல் வாரத்து நிஃப்டியை எடுத்துப் பார்க்கலாம். மே 31 அன்று நிஃப்டி 22,530.70-ல் முடிந்தது. தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பி ஜூன் 3 அன்று 23,263.90-க்கு ஏறியது. வாக்கு எண்ணிக்கை நாளான ஜூன் 4 அன்று 21,884.50-க்கு விழுந்தது. அடுத்த மூன்று நாட்களில் 22,620.35, 22,821.40, 23,290.15 என்று மீண்டது. தினசரிச் சதவீதங்களைக் கூட்டினால் வாரத்தின் ஏற்றம் 3.63 என்று வருகிறது. ஆனால் தொடக்க விலையையும் இறுதி விலையையும் ஒப்பிட்டால் உண்மையான ஏற்றம் 3.37 சதவீதம்தான். லாக் ரிட்டர்ன்களைக் கூட்டினால் இந்தப் பிசிறு வராது. ஐந்தின் கூட்டுத்தொகை, வாரம் முழுவதற்குமான லாக் ரிட்டர்னோடு அப்படியே பொருந்தும். நாட்களைக் கூட்டி வாரமாக்கவும், வாரங்களைக் கூட்டி வருடமாக்கவும் போகிறோம் என்றால் கூட்டத் தகுந்த எண்ணே வேண்டும்.

அந்த ஐந்து நாட்களுக்கு மேலே சொன்ன கணக்கைப் போட்டால் ஒரு நாள் ஆட்டம் 3.91 சதவீதம், வருடாந்திர அளவு 62 சதவீதம். அதற்கடுத்த வாரம், ஜூன் 10 முதல் 14 வரை, நிஃப்டி 23,259.20, 23,264.85, 23,322.95, 23,398.90, 23,465.60 என்று பூனைபோல நடந்தது. அந்த ஐந்து நாட்களின் வருடாந்திர அளவு வெறும் 3.1 சதவீதம். அதே குறியீடு, அதே ஐம்பது நிறுவனங்கள், அடுத்தடுத்த இரண்டு வாரங்கள். இந்த இரண்டுக்கும் பொதுவாக இரண்டு சதவீதம் என்ற ஒரே ஸ்டாப்பை எந்த நியாயத்தால் வைக்க முடியும்? முதல் வாரத்தில் அது ஒரு நாள் ஆட்டத்தில் பாதிதான். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் ஆட்டத்தைப் போலப் பத்து மடங்கு.

ஐந்து நாள் ஜன்னல் நம்பத் தகுந்ததல்ல என்பதையும் இதே எண்கள் காட்டுகின்றன. 62-ஐ நம்பி ஸ்டாப் வைத்தவர் அநியாயமாக அகலப்படுத்தியிருப்பார். 3-ஐ நம்பியவர் மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கியிருப்பார். பத்து நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் 41.7 வருகிறது. இருபது நாள் அளவும் அறுபது நாள் அளவும் எடுத்து, இரண்டில் பெரியதை வைத்துக்கொள்வது சில நாள் முதல் சில வாரம் வரை பங்கை வைத்திருப்பவருக்கு ஏற்ற வழி. அமைதியான மாதத்தை நம்பி ஏமாறாமல் இருக்க அறுபது நாள் காக்கும். புயல் இப்போதுதான் தொடங்கியிருந்தால் இருபது நாள் காட்டிக்கொடுக்கும்.

வருடாந்திரமாக்குவதில் ஒரு பொறி இருக்கிறது. தேசியப் பங்குச் சந்தை ஒவ்வொரு நாளும் எல்லாப் பங்குகளுக்கும் வாலட்டிலிட்டிக் கோப்பு ஒன்றை வெளியிடுகிறது. கணக்குப் போடச் சோம்பல்படுபவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் அந்தக் கோப்பு ஒரு நாள் அளவை 365-ன் வர்க்கமூலத்தால், அதாவது 19.1-ஆல் பெருக்குகிறது. மேலே உள்ள கணக்கு 252-ன் வர்க்கமூலமான 15.87-ஆல் பெருக்குகிறது. கோப்பின் எண்ணை 15.87-ஆல் வகுத்து ஒரு நாள் ஆட்டம் என்று எடுத்துக்கொண்டால் விடை இருபது சதவீதம் பெருத்துவிடும். இன்னொன்றும் உண்டு. அந்தக் கோப்பு, நேற்றைய அளவுக்கு 0.995 எடையும் இன்றைய ரிட்டர்னுக்கு 0.005 எடையும் கொடுத்து வர்க்கங்களைக் கூட்டுகிறது. முன்பு இந்த எடைகள் 0.94, 0.06 என்று இருந்தன. பழைய முறையில் ஓர் அதிர்ச்சியின் பாதி எடை பதினோரு நாட்களில் கரைந்துவிடும். இப்போது அதற்குச் சுமார் 138 வேலை நாட்கள் ஆகும். மார்ஜின் நிர்ணயிப்பதற்கு அந்த நிதானம் பொருந்தலாம். பத்து நாள் வியாபாரத்துக்கு ஸ்டாப் வைக்க அது மிக மெதுவானது.

இனி ஸ்டாப்புக்கு வரலாம். ஒரு பங்கின் வருடாந்திர வாலட்டிலிட்டி 16 சதவீதம், இன்னொன்றுக்கு 40 என்று கொள்வோம். 15.87-ஆல் வகுத்தால் முதல் பங்கு ஒரு நாளில் ஏறத்தாழ 1 சதவீதமும், இரண்டாவது 2.5 சதவீதமும் ஆடுகிறது. பத்து நாள் வைத்திருப்பதாகத் திட்டம் என்றால், பத்து நாள் ஆட்டம் பத்து மடங்கு ஆகாது. பத்தின் வர்க்கமூலம், அதாவது 3.16 மடங்குதான். முதல் பங்குக்கு 3.2 சதவீதம், இரண்டாவதுக்கு 8 சதவீதம்.

விலைக்கு எந்தத் திசையும் இல்லை, சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு, பத்து நாட்களுக்குள் இரண்டு சதவீத ஸ்டாப் தொடப்படும் வாய்ப்பை நிகழ்தகவுக் கணக்கால் காணலாம். முதல் பங்கில் அது சுமார் 53 சதவீதம். இரண்டாவது பங்கில் 80 சதவீதம். பத்து முறை வாங்கினால் எட்டு முறை, கெட்ட செய்தி எதுவும் இல்லாமலே, கணிப்பு தப்பாமலே, வெளியே தள்ளப்படுவார். பத்து நாள் ஆட்டத்துக்குச் சமமான தூரத்தில் ஸ்டாப் இருந்தால் இந்த வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கீழே வரும். ஒன்றரை மடங்கு தூரத்தில் இருந்தால் 13 சதவீதமாகக் குறையும். இந்தக் கணக்கு சீரான ஆட்டத்தை நம்பிப் போடப்படுவது. உண்மைச் சந்தையில் ஜூன் 4 போன்ற நாட்கள் இந்தச் சீர்மையை உடைக்கும் என்பதால் எண்களைத் தராசுத் துல்லியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இரண்டு பங்குகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு அப்படியே நிற்கும்.

ஒன்றரை மடங்கு என்று தேர்ந்தெடுத்தால் முதல் பங்குக்கு ஸ்டாப் 4.8 சதவீதம் கீழே, இரண்டாவதுக்குக் கிட்டத்தட்ட 12 சதவீதம் கீழே. இங்கேதான் எதிர்த்தரப்பு குரலை உயர்த்தும்: “பன்னிரண்டு சதவீதமா? அவ்வளவு நஷ்டத்தை எப்படித் தாங்குவது?”

நஷ்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டியது ஸ்டாப்பின் தூரம் அல்ல, வாங்கும் எண்ணிக்கை. ஐந்து லட்ச ரூபாய் முதல் உள்ளவர் ஒரு வியாபாரத்தில் ஒரு சதவீதம், அதாவது 5,000 ரூபாய் இழக்கத் தயார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பங்குகளும் 1,000 ரூபாய் விலையில் இருக்கின்றன. அமைதியான பங்கில் ஸ்டாப் 48 ரூபாய் தூரம் என்பதால் 104 பங்குகள் வாங்கலாம். ஆடும் பங்கில் ஸ்டாப் 120 ரூபாய் தூரம் என்பதால் 41 பங்குகள். ஸ்டாப் அடித்தால் இரண்டிலும் இழப்பு 5,000-ஐத் தாண்டாது. பன்னிரண்டு சதவீத ஸ்டாப் என்று கேட்டதும் பதறுகிறவர் பழைய எண்ணிக்கையிலேயே பங்கு வாங்குவதாக நினைத்துக்கொண்டு பதறுகிறார்.

இப்போது இரண்டு சதவீத ஸ்டாப்காரரின் கணக்கைப் பார்க்கலாம். அவருக்கு ஸ்டாப் 20 ரூபாய் தூரம். 5,000-ஐ 20-ஆல் வகுத்து, இரண்டு பங்குகளிலும் 250 வாங்குகிறார். ஆடும் பங்கில் இரண்டரை லட்சம், முதலில் பாதி, போய்விட்டது. ஒரு மாலையில் மோசமான காலாண்டு முடிவு வெளிவந்து, மறுநாள் காலை பங்கு பத்து சதவீதம் கீழே திறக்கிறது. 980-ல் போட்ட ஸ்டாப்புக்கு அங்கே வாங்க ஆளில்லை, 900-ல்தான் விற்கிறது. இழப்பு 25,000 ரூபாய், தாங்கத் தயாராக இருந்ததைப் போல ஐந்து மடங்கு. 41 பங்கு வாங்கியவருக்கு அதே காலையில் 4,100 ரூபாய்தான் குறைகிறது, அவருடைய ஸ்டாப்கூடத் தொடப்படவில்லை. நெருக்கமான ஸ்டாப்பே பாதுகாப்பானது என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு கணக்கு தேவையில்லை. நெருக்கமான ஸ்டாப் பெரிய எண்ணிக்கையை வாங்கத் தூண்டுகிறது. ஸ்டாப் தாண்டிக் குதிக்கும் நாளில் அந்த எண்ணிக்கைதான் கழுத்தை நெரிக்கிறது.

“நாங்கள் சதவீதம் பார்ப்பதில்லை, சப்போர்ட்டுக்குக் கீழே ஸ்டாப் வைக்கிறோம்” என்பவர்களும் உண்டு. அது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த சப்போர்ட் தற்போதைய விலைக்கு எத்தனை நாள் ஆட்டத்தின் தூரத்தில் இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். ஒரு நாள் ஆட்டத்துக்குள்ளேயே இருந்தால் அந்த ஸ்டாப் பெயருக்குத்தான் சப்போர்ட்டில் இருக்கிறது. ஏ.டி.ஆர். பயன்படுத்துபவர்களோடு இந்தக் கட்டுரைக்குச் சண்டையில்லை. அவர்கள் வேறு கருவியால் அதே வேலையைச் செய்கிறார்கள்.

இண்டிகேட்டர் எண்களில் வழக்கில் இருக்கும் கருத்து இன்னும் சிக்கலானது. ஒரு பக்கம் 14-ஐத் தொடவே கூடாது என்பவர்கள். மறுபக்கம், வேகமாக ஆடும் பங்குக்கு ஆர்.எஸ்.ஐ.-யை 9 ஆக்கு, மந்தமான பங்குக்கு 21 ஆக்கு என்று சொல்பவர்கள். இரண்டாமவர்கள் வாலட்டிலிட்டியை மதிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரியில்லை.

வெல்ஸ் வைல்டர் 1978-ல் வெளியிட்ட நூலில் ஆர்.எஸ்.ஐ.-யை அறிமுகப்படுத்தியபோது அதை விகிதமாகவே அமைத்தார்: பதினான்கு நாட்களின் சராசரி ஏற்றம் மேலே, அதே நாட்களின் சராசரி இறக்கம் கீழே. ஒரு பங்கின் எல்லா நாள் அசைவுகளையும் இரண்டு மடங்காக்கினால் மேலேயும் கீழேயும் சேர்ந்து இரட்டிக்கும். விகிதம் கிட்டத்தட்ட மாறாது. ஆகவே 40 சதவீதப் பங்கு என்பதற்காக மட்டும் ஆர்.எஸ்.ஐ.-யின் நாட்களை மாற்றத் தேவையில்லை. பொலிஞ்சர் பேண்டும் அப்படித்தான். அதன் அகலமே திட்ட விலக்கத்திலிருந்து பிறப்பதால் அது தானே விரிந்து தானே சுருங்குகிறது.

வாலட்டிலிட்டி கையைப் பிடிக்க வேண்டிய இடம் வேறு. சதவீதத்தில் பூட்டி வைக்கப்பட்ட எண்கள்தான் அந்த இடம். சராசரிக் கோட்டுக்கு மேலும் கீழும் இரண்டு சதவீதத்தில் வரையும் என்வலப், ஐந்து சதவீத ஜிக்ஜாக், ஒரு சதவீத ரென்கோ செங்கல், “பிரேக்அவுட்டுக்கு மேல் ஒரு சதவீதம் தாண்டினால் வாங்கு” என்ற வடிகட்டி ஆகிய எல்லாமே இதில் அடங்கும். 16 சதவீதப் பங்கில் ஒரு சதவீத வடிகட்டி ஒரு முழு நாள் ஆட்டத்தைக் கேட்கிறது. அதைத் தாண்டினால் ஏதோ நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 40 சதவீதப் பங்கில் அதே வடிகட்டி ஒரு நாள் ஆட்டத்தில் பாதிகூட இல்லை. பொய் பிரேக்அவுட்டுகள் சல்லடையில் நீர் போல வழிந்து வரும். வடிகட்டி ஒரு நாள் ஆட்டத்தின் ஒரு மடங்கு என்று எழுதிவைத்தால் முதல் பங்குக்கு 1 சதவீதமும் இரண்டாவதுக்கு 2.5 சதவீதமும் தானாகவே அமையும்.

நாட்களின் எண்ணிக்கையை மாற்ற நியாயம் உண்டா? உண்டு, ஆனால் வாலட்டிலிட்டியின் அளவைப் பார்த்து அல்ல, அது மாறியிருப்பதைப் பார்த்து. துஷார் சாண்டே 1992-ல் முன்வைத்த விடியா என்ற சராசரி இதைத்தான் செய்கிறது: அண்மைய திட்ட விலக்கத்தை நீண்டகாலத் திட்ட விலக்கத்தால் வகுத்து, அந்த விகிதம் ஏறும்போது சராசரியை வேகப்படுத்துகிறது. இருபது நாள் அளவு அறுபது நாள் அளவைப் போல ஒன்றரை மடங்காகிவிட்டது என்றால், பழைய நாட்களின் சிறிய அசைவுகள் புதிய நாட்களின் பெரிய அசைவுகள் முன் எடையிழந்துவிட்டன என்று பொருள். அப்போது நீண்ட சராசரி பழைய சந்தையைக் காட்டிக்கொண்டிருக்கும். விகிதம் ஒன்றை ஒட்டியிருந்தால் 14-ஐயும் 20-ஐயும் நிம்மதியாக விட்டுவிடலாம், பங்கு எவ்வளவு ஆடுவதாக இருந்தாலும்.

இந்த அளவுகோலும் சில இடங்களில் பொய் சொல்லும். அதை மறைப்பது நேர்மையல்ல. 2024 அக்டோபர் 28 அன்று ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸுக்குப் பிந்தைய விலையில் வர்த்தகமானது. விலை பாதியானது, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சரிசெய்யாத முடிவு விலையை எடுத்தவருக்கு அன்றைய லாக் ரிட்டர்ன் மைனஸ் 0.69. மற்ற பத்தொன்பது நாட்களும் பங்கு அசையவே இல்லை என்றாலும், அந்த ஒரு எண்ணே இருபது நாள் அளவை 246 சதவீதமாக்கிவிடும். பெரிய நிறுவனத்தின் பங்கில் மூன்று இலக்க வாலட்டிலிட்டி தெரிந்தால் முதலில் போனஸ், ஸ்பிளிட் நடந்ததா என்று பார்க்க வேண்டும்.

ஜன்னலின் ஓரமும் ஏமாற்றும். 2024 ஜூன் 4-ன் வீழ்ச்சி மட்டுமே, மற்ற நாட்கள் எப்படியிருந்தாலும், நிஃப்டியின் இருபது நாள் அளவுக்கு 22 சதவீதத்தை ஒட்டிய ஓர் அடித்தளத்தைக் கொடுத்தது. ஜூலை 2 வரை அது ஜன்னலுக்குள் இருந்தது; ஜூலை 3 அன்று வெளியேறியது. அன்று அளவு சரிந்ததற்கும் ஜூலை 3-ல் சந்தையில் நடந்ததற்கும் தொடர்பே இல்லை. அறுபது நாள் அளவையும் பக்கத்தில் வைத்திருப்பவர் அந்தக் காலையில் ஸ்டாப்பைச் சுருக்கியிருக்க மாட்டார்.

முடிவு விலை, நாளின் நடுவில் நடந்ததைப் பார்ப்பதில்லை. அதே ஜூன் 4 அன்று நிஃப்டி 21,281.45 வரை போய்வந்தது. முந்தைய முடிவிலிருந்து எட்டரை சதவீதம். முடிவு விலைக் கணக்கு ஆறு சதவீதத்தைத்தான் பதிவுசெய்தது. ஸ்டாப் ஆர்டரைச் சந்தையிலேயே போட்டு வைப்பவர் இந்த வேறுபாட்டுக்காகக் கொஞ்சம் அகலம் கூட்டிக்கொள்ள வேண்டும். முடிவு விலையைப் பார்த்து மட்டுமே வெளியேறுபவருக்கு இந்த அளவு அப்படியே பொருந்தும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது சர்க்யூட் பங்கு. ஐந்து சதவீத எல்லையுள்ள ஒரு சிறு பங்கு இருபது நாள் தொடர்ந்து அப்பர் சர்க்யூட்டில் முடிந்தால் ஒவ்வொரு நாள் ரிட்டர்னும் 0.0488. எல்லாம் ஒன்றே என்பதால் சராசரியிலிருந்து விலகலே இல்லை. எக்செல் திட்ட விலக்கம் சுழி என்று காட்டும். சந்தையிலேயே பேரபாயமான பங்கு, கணக்கில் வங்கி வைப்புத்தொகை போலத் தெரியும். சராசரியைக் கழிக்காமல் வர்க்கங்களைக் கூட்டினால் உண்மை வெளிவரும்:

```
=SQRT(SUMSQ(C3:C22)/20)*SQRT(252)
```

இதில் விடை 77 சதவீதம். இரண்டு வாய்பாடுகளின் விடைகளும் பெரிதாக விலகினால் அந்தப் பங்கில் ஒரு பக்க ஓட்டம் நடக்கிறது என்று அறியலாம். அத்தகைய பங்கு திரும்பி லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் வாங்க ஆளே இருக்காது. எந்த அகலத்தில் வைத்த ஸ்டாப்பும் வேலை செய்யாது. அங்கே செய்யக்கூடியது வாங்காமல் இருப்பது மட்டுமே.

வாசகர் அடுத்த முறை ஒரு பரிந்துரையைப் பெறும்போது, வாங்கும் விலையோடும் ஸ்டாப்போடும் நிறுத்திக்கொள்ளாமல் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தப் பங்கு ஒரு நாளில் எவ்வளவு ஆடுகிறது, எத்தனை நாள் வைத்திருக்கச் சொல்கிறீர்கள், அந்த ஆட்டத்துக்கு இந்த ஸ்டாப் எத்தனை மடங்கு? பதில் வராவிட்டால் அந்தப் பரிந்துரைக்குப் பணம் போடக் கூடாது.